ஐந்து மைல் வட்டம்

நியூயார்க் நகரத்திலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் உட்பரி காமன் என்ற பெரிய அவுட்லெட் மால் வரும். அங்கே கடை வைத்திருந்த நிறுவனங்களின் லீஸில் ஒரு ஷரத்து இருந்தது. அந்த மாலைச் சுற்றி 60 மைலுக்குள் வேறொரு அவுட்லெட் மாலில் அவர்கள் கடை திறக்கக் கூடாது. 60 மைல் வட்டம் போட்டால் நியூயார்க் நகரம் முழுவதும் உள்ளே வந்துவிடும். நகரத்துக்குள் புதிதாக அவுட்லெட் மால் கட்ட நினைத்தவர்களுக்குக் கடைகள் கிடைக்காமல் போக இதுவே வழி செய்தது என்று மாநில அட்டர்னி ஜெனரல் விசாரணை நடத்தினார். 2017 ஆகஸ்டில் மாலின் உரிமையாளரான சைமன் பிராப்பர்ட்டி குரூப் 9,45,000 டாலர் செலுத்தவும் அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிடவும் ஒப்புக்கொண்டது.

பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில், பல ஆண்டுகளாகச் சிறு கடைக்காரர்களுக்காக மால் லீஸ்களைப் படித்துப் பேரம் பேசிவருகிறார் ஒரு தமிழ் வழக்கறிஞர். அவரிடம் வருபவர்கள் நகைக்கடைக்காரர்கள், புருவம் திருத்தும் கடை நடத்தும் பெண்கள், இட்லி தோசைக் கடைக்காரர்கள். இவர்களுக்கு 60 மைல் எல்லாம் இல்லை. மூன்று மைல், ஐந்து மைல்தான். அட்டர்னி ஜெனரலும் வரமாட்டார். சந்தையையே அடைத்துப்போடாத சிறிய வட்டத்தை நீதிமன்றங்கள் பொதுவாக நியாயமான வியாபார ஏற்பாடாகவே பார்க்கின்றன. ஆகவே, கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன மாற்றினார்களோ அதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

லீஸ் கையில் கிடைத்ததும் கடைக்காரர்கள் வாடகைப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள். இந்த மைல் வட்டத்தைச் சொல்லும் ரேடியஸ், கடை திறக்கும் நேரம், பெயர்ப்பலகை ஆகிய மூன்றும் எண்பது பக்கத்துக்குள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும்; பார்க்க வீட்டு விதிகள் மாதிரி இருக்கும். வழக்கறிஞர் அவற்றை வாடகைப் பக்கத்தோடு சேர்த்தே படிக்கிறார். மால்காரர் வாங்குவது தரைக்கான வாடகை மட்டும் அல்ல, விற்பனையிலும் ஒரு பங்கு. இந்த மூன்று ஷரத்துகளும் அந்தப் பங்குக்குப் போட்ட வேலி.

அவர் அடிக்கடி எடுத்துக்காட்டும் கணக்கு ஒன்று உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பலகாரக் கடைக்காரர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. நடு நியூ ஜெர்சியில் ஒரு மாலில் 1,200 சதுர அடிக் கடை எடுத்திருந்தார். அல்வா, மிக்சர், முறுக்கு, ஓர் ஓரத்தில் ஃபில்டர் காபி. சதுர அடிக்கு ஆண்டுக்கு 60 டாலர் என்று அடிப்படை வாடகை 72,000 டாலர். அதற்கு மேல் விற்பனைப் பங்கு 6 சதவீதம். ஆனால் முதல் டாலரிலிருந்தே இந்த ஆறு சதவீதம் தொடங்காது. 72,000-ஐ 6 சதவீதத்தால் வகுத்தால் வரும் 12 லட்சம் டாலர்தான் எல்லை. ஆண்டு விற்பனை அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் ஆறு சதவீதம். அண்ணாச்சியின் கடை ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் விற்றது. எல்லைக்குக் கீழே இருந்ததால் பங்கு எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

வியாபாரம் பழகியதும் அவர் இரண்டாவது கடை திறந்தார், இந்தியக் கடைகள் வரிசையாக நிற்கும் ஓக் ட்ரீ ரோட்டில். மாலிலிருந்து அது ஐந்து மைலுக்குள் இருந்தது. அங்கே ஆண்டுக்கு ஏழு லட்சம் டாலர் விற்பனை. ஒன்றரை ஆண்டு கழித்து மால் நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது: ரேடியஸ் ஷரத்தின்படி இரண்டாவது கடையின் விற்பனையையும் மால் கடையின் விற்பனையோடு சேர்த்துக் கணக்கிடுகிறோம். பத்தும் ஏழும் பதினேழு லட்சம். எல்லையான பன்னிரண்டு லட்சத்தைக் கழித்தால் ஐந்து லட்சம். அதில் ஆறு சதவீதம், ஆண்டுக்கு 30,000 டாலர். ஓக் ட்ரீ ரோட்டுக் கட்டட உரிமையாளருக்கு முழு வாடகை கொடுத்துவிட்டு, அதே கடைக்காக மாலுக்கும் இன்னொரு வாடகை.

அந்தக் கடிதத்தோடுதான் அவர் வழக்கறிஞரிடம் முதன்முதலாக வந்தார்.

“அந்தக் கடை என் மச்சான் பேர்லதான இருக்கு, மேடம்?”

“மச்சான் பேர்ல இருந்தாலும் பணம் நீங்க போட்டதுதானே, அண்ணாச்சி? பலகையிலயும் அதே பேர்தானே?”

ஷரத்தில் ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ என்று இரண்டு சொற்கள் இருந்தன. வாடகைதாரர், அவருடைய பங்குதாரர்கள், ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், இவர்கள் யாருக்கு வேறு கடையில் நிதித் தொடர்பு இருந்தாலும் அது வட்டத்துக்குள் வரும். மனைவி, மச்சான், தம்பி பெயர்களில் கடை வைத்தால் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கை எங்கள் ஆட்களிடம் மிக அதிகம் என்கிறார் வழக்கறிஞர். மால்காரர் கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிதல் எதுவும் தேவையில்லை. கடையின் வலைத்தளத்தில் ‘எங்கள் கிளைகள்’ என்ற பக்கமும் கூகுள் வரைபடமும் போதும்.

ஐந்து மைலை எங்கிருந்து அளப்பது என்பது அடுத்த கேள்வி. கார் ஓட்டிப் பார்த்து, ஏழு மைல் வருகிறதே என்று சொல்பவர்கள் உண்டு. லீஸில் தெளிவாக எழுதாவிட்டால் தூரம் பொதுவாக நேர்க்கோட்டில் அளக்கப்படும். பாலமும் சுற்றுவழியும் கணக்கில் வராது. பல லீஸ்களில் அளவு கடையின் வாசலிலிருந்து தொடங்குவதில்லை, மாலின் நிலம் முடியும் எல்லையிலிருந்து தொடங்குகிறது. கார் நிறுத்தும் இடத்தோடு சேர்ந்த பெரிய மாலில் இது மட்டுமே வட்டத்தைக் கால் மைல், அரை மைல் தள்ளிவிடும். மூன்று மைல் என்றால் என்ன, ஐந்து மைல் என்றால் என்ன என்று அலட்சியமாகக் கேட்பவர்களுக்கு வழக்கறிஞர் பரப்பைக் கணக்குப் போட்டுக் காட்டுவார். மூன்று மைல் வட்டம் சுமார் 28 சதுர மைல். ஐந்து மைல் வட்டம் 78 சதுர மைலுக்கு மேல். நடு ஜெர்சியில் அது பல டவுன்ஷிப்புகளை விழுங்கிவிடும்.

இனி அண்ணாச்சியின் விவகாரம் எப்படி முடிந்தது என்று பார்ப்போம். கையெழுத்தான லீஸை மாற்ற மால்காரருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. அவருக்கு ஏதாவது தேவைப்பட வேண்டும். வழக்கறிஞர் முதலில் கேட்டு வாங்கியது மாதாந்திர விற்பனை அறிக்கைகளை. மால் கடைகள் எல்லாம் மாதாமாதம் விற்பனையை நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், ஆகவே அந்தக் காகிதங்கள் இரண்டு தரப்பிடமும் இருந்தன. ஓக் ட்ரீ ரோட்டுக் கடை திறப்பதற்கு முந்தைய ஆண்டையும் திறந்த பிறகு வந்த மாதங்களையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மால் கடையின் விற்பனை குறையவில்லை. ரேடியஸ் ஷரத்து எதற்காக இருக்கிறது? மாலுக்கு வர வேண்டிய வாடிக்கையாளரைக் கடைக்காரரே வெளியே இழுத்துக்கொண்டு போய், மாலின் பங்கைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் இங்கே அப்படி யாரும் நகரவில்லை. மாலுக்கு வருபவர்கள் நடந்து களைத்துக் காபி குடிப்பவர்கள்; ஓக் ட்ரீ ரோட்டுக்கு வருபவர்கள் வீட்டு விசேஷத்துக்குக் கிலோக் கணக்கில் இனிப்பு வாங்குபவர்கள்.

அந்த நேரம் மாலில் சில கடைகள் காலியாகிக்கொண்டிருந்தன. இருக்கும் கடைகள் நீண்ட காலம் தங்குவது நிர்வாகத்துக்கு வேண்டியிருந்தது. அண்ணாச்சி லீஸை இரண்டு ஆண்டு நீட்டிக்க ஒப்புக்கொண்டார். பதிலுக்கு மால்காரர் இரண்டாவது கடை விற்பனையில் பாதியை மட்டும் சேர்க்க இறங்கி வந்தார். பத்து லட்சத்தோடு மூன்றரை லட்சம். எல்லையைத் தாண்டியது ஒன்றரை லட்சம். அதற்கு ஆறு சதவீதம் 9,000 டாலர். முப்பதாயிரம் ஒன்பதாயிரம் ஆனது. அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். அதற்குப் பிறகு ஷரத்தே இல்லை.

வேறு லீஸாக இருந்திருந்தால் இவ்வளவு இடம் கிடைத்திருக்காது. சில லீஸ்களில் மீறலுக்குத் தண்டனை விற்பனையைச் சேர்ப்பது அல்ல, அடிப்படை வாடகையை ஒரேயடியாக 50 சதவீதம் ஏற்றுவது. அண்ணாச்சிக்கு அது 36,000 டாலர் ஆகியிருக்கும், விற்பனை எப்படி இருந்தாலும். இன்னும் சிலவற்றில் மீறல் என்றால் லீஸையே ரத்து செய்யலாம். ஆகவே, புதிய லீஸ் வரும்போது வழக்கறிஞர் தூரத்துக்கு முன் தண்டனையைத்தான் பார்க்கிறார். விற்பனையைச் சேர்ப்பது ஒன்றே தீர்வு, வேறு எதுவும் கிடையாது என்று எழுதிக்கொண்டால் ஐந்து மைலோடுகூட வாழ்ந்துவிடலாம். ஏற்கெனவே இருக்கும் கடைகளுக்கு விலக்கு கேட்க வேண்டும். அந்தக் கடைகள் பக்கத்துக் கட்டடத்துக்கு மாறினாலும் பெரிதானாலும் விலக்கு தொடரும் என்று சேர்த்து எழுத வேண்டும். ஆன்லைன் ஆர்டர், கல்யாண கேட்டரிங், மளிகைக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கும் பாக்கெட் மிக்சர், இவையெல்லாம் ‘போட்டி வியாபாரம்’ இல்லை என்று பெயர் சொல்லி எழுதுவார்.

பிரான்சைஸ் எடுத்தவர்கள் வந்தால் இன்னும் கவனமாக இருப்பார். ஐந்து மைலுக்குள் அதே பெயரில் கடை திறக்கக் கூடாது என்று அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் பெயருக்குச் சொந்தக்கார நிறுவனம் மூன்றாவது மைலில் வேறொருவருக்குக் கடை கொடுத்தால் இவர்களால் என்ன செய்ய முடியும்? தன் கட்டுப்பாட்டில் இல்லாத கடைக்குத் தான் பொறுப்பில்லை என்ற ஒரு வாக்கியம் இல்லாமல் அந்த லீஸில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருக்கிறார்.

நேர ஷரத்து இதைவிட எளிமையாகத் தெரியும். மால் திறந்திருக்கும் நேரமெல்லாம் கடையும் திறந்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், ஆள் இருக்க வேண்டும், சரக்கு நிறைந்திருக்க வேண்டும். நேரத்தை யார் தீர்மானிப்பது? மால்காரர், அவ்வப்போது. வழக்கறிஞர் கோடு போடும் இடம் இந்த ‘அவ்வப்போது’. இன்றைக்குக் காலை பத்து முதல் இரவு எட்டு என்றிருப்பது பண்டிகைக் காலத்தில் ஒன்பது, பத்து என்று நீளலாம். சிறு கடையில் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். நாளுக்கு ஒரு மணி நேரம் கூடினால் ஆண்டுக்குச் சுமார் 720 ஆள்-மணிகள். நியூ ஜெர்சியின் 2025-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலியான 15.49 டாலரில் அது 11,000 டாலரைத் தாண்டும். வரியும் காப்பீடும் தனி. இரவு எட்டுக்கு மேல் காபி விற்கும் வருமானம் இதை ஈடுகட்டுமா என்று அண்ணாச்சியே பில் மெஷினில் மணி வாரியாகப் பார்த்துக்கொள்ளலாம். இல்லை என்றால் அதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்ல வேண்டும்.

தாமதமாகத் திறந்தால் அபராதம் உண்டு, மணிக்கு இவ்வளவு என்று. 2014 நவம்பரில் பஃபலோ நகரத்துக்கு அருகிலுள்ள வால்டன் கேலரியா மால், தேங்க்ஸ்கிவிங் நாள் மாலை ஆறு மணிக்குக் கடைகளைத் திறக்கச் சொன்னது. திறக்காவிட்டால் மணிக்குச் சுமார் 200 டாலர் அபராதம் என்று அப்போது செய்தி வந்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் நாள் அது. வேலையாட்கள் யாருக்கும் வர மனமில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 2016-இல், மினசோட்டாவின் மால் ஆஃப் அமெரிக்கா அந்த நாளில் வளாகத்தையே மூடுவதாக அறிவித்தது. ஆனால் ஒரு மால் மனம் மாறும்வரை காத்திருக்கக் கடைக்காரரால் முடியாது. தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், ஆண்டுக்கு இரண்டு நாள் சரக்குக் கணக்கெடுப்பு, தன் மதத்தின் முக்கியப் பண்டிகை ஒன்று, இவற்றுக்கு விடுமுறை என்று லீஸிலேயே எழுதிக்கொள்ளச் சொல்கிறார் வழக்கறிஞர். இன்னொரு பாதுகாப்பும் கேட்பார். அதே தளத்தில் இருக்கும் கடைகளில் பெரும்பான்மை திறக்காத நேரத்தில் தன் கட்சிக்காரரும் திறக்க வேண்டியதில்லை. பாதிக் கடைகள் இருண்டு கிடக்கும் வராந்தாவில் ஒருவர் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொடுமை.

லீஸ் என்ன சொன்னாலும் சட்டம் அதற்கு மேல். நியூ ஜெர்சியின் பெர்கன் கவுண்டியில் ஞாயிற்றுக்கிழமை துணி, மரச்சாமான் போன்றவற்றை விற்க இன்றும் தடை உண்டு. பாராமஸ் ஊரில் விதி இன்னும் கடுமை. அங்குள்ள கார்டன் ஸ்டேட் பிளாசா போன்ற பெரிய மாலின் துணிக்கடைகளுக்குக்கூட வாரம் ஆறு நாள்தான். உணவகங்கள் திறக்கலாம். அதே கவுண்டியில், அரசு நிலத்தில் நிற்கும் அமெரிக்கன் ட்ரீம் மாலில் ஞாயிற்றுக்கிழமையும் கடைகள் வியாபாரம் செய்ததை எதிர்த்து 2025 ஆகஸ்டில் பாராமஸ் நகரம் வழக்குப் போட்டது. இந்த மாதிரி ஊரில் கடை எடுப்பவருக்கு நேர ஷரத்தில் ‘சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்ற சொற்கள் இல்லாவிட்டால், ஒரு பக்கம் மாலின் அபராதம், மறுபக்கம் ஊரின் அபராதம் என்று நிற்க வேண்டிவரும்.

நேர ஷரத்துக்கு அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கும். லீஸ் முடியும்வரை வியாபாரத்தை நிறுத்தாமல் நடத்த வேண்டும் என்ற கடமை. வாடகையைக் கட்டிவிட்டுக் கடையை மட்டும் மூடிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2017-இல் ஸ்டார்பக்ஸ் தன் டீவானா தேநீர்க் கடைகளையெல்லாம் மூடுவதாக அறிவித்தபோது, சைமன் நிறுவனம் தன் மால்களில் இருந்த 77 கடைகளுக்காக இண்டியானா நீதிமன்றத்துக்குப் போனது. மூடக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறான தீர்ப்பு இருக்கிறது. ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ வணிக வளாகத்தில் இருந்த சேஃப்வே சூப்பர்மார்க்கெட் நஷ்டம் தாங்காமல் 1995-இல் மூடப்பட்டது. 35 ஆண்டு லீஸில் இன்னும் 19 ஆண்டுகள் பாக்கி. நஷ்டத்தில் ஓடும் கடையை நடத்தச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடாது, நஷ்டஈடு கேட்டுக்கொள்ளலாம் என்று 1997-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இரண்டு தீர்ப்புகளையும் படித்துவிட்டு வழக்கறிஞர் எடுத்த முடிவு, நீதிபதியின் மனதை நம்பி லீஸ் எழுத முடியாது என்பதுதான். மூன்றாவது ஆண்டு விற்பனை ஒரு குறிப்பிட்ட தொகையை எட்டாவிட்டால் கடையைக் காலி செய்யும் உரிமையை அவர் எழுதி வாங்கப் பார்க்கிறார். தொகையைப் பேரம் பேசலாம். உரிமையே இல்லாமல் போகக் கூடாது.

பெயர்ப்பலகை ஷரத்து லீஸுக்குள் நான்கு வரிதான் இருக்கும். மற்றதெல்லாம் வாடகைதாரர் வடிவமைப்புக் கையேடு என்ற தனிப் புத்தகத்தில். அந்தப் புத்தகத்தை லீஸோடு சேர்த்து ஒரு பகுதியாக்கியிருப்பார்கள், கடைக்காரர் அதைப் பார்த்தே இருக்கமாட்டார். எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, உள்ளே விளக்கு எரிய வேண்டும்; விளக்குப் பெட்டிமேல் அச்சடித்த பலகை கூடாது. எழுத்தின் உயரத்துக்கு வரம்பு உண்டு, முகப்பு அகலத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ‘ஸ்ரீ’யில் தொடங்கி ‘ஸ்வீட்ஸ் அண்ட் ஸ்நாக்ஸ்’ என்று முடியும் நம் பெயர்கள் இருபதடி முகப்பில் பொடி எழுத்தாகச் சுருங்கிவிடும். அண்ணாச்சிக்கு இந்தச் சிக்கல் வந்தது. பெயரைச் சுருக்க நினைத்தார். கடையின் பெயரை மாற்றவும் மால்காரரின் சம்மதம் வேண்டும் என்று லீஸில் இன்னொரு இடத்தில் இருந்தது.

தீபாவளிக்கு அவர் பையன் கம்ப்யூட்டரில் அடித்த ‘ஒரு கிலோவுக்குக் கால் கிலோ இலவசம்’ தாளைக் கண்ணாடியில் ஒட்டினான். அடுத்த நாள் நிர்வாகத்தின் நோட்டீஸ், புகைப்படத்தோடு. கையால் எழுதியதோ டேப் போட்டு ஒட்டியதோ கூடாது. கடையின் லீஸ் எல்லைக் கோட்டுக்கு வெளியே ஸ்டாண்ட் வைக்கக் கூடாது. கண்ணாடிக்குச் சில அடி உள்ளே தொங்குவதும் பெயர்ப்பலகைக் கணக்கில்தான் வரும். ஓர் எழுத்தில் விளக்கு அணைந்தால் குறிப்பிட்ட நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் மாலே ஆள் வைத்துச் சரிசெய்து பில் அனுப்பும். கடை மூடிய பிறகும் மால் விளக்கை அணைக்கும்வரை பலகை எரிய வேண்டும் என்ற விதி சில இடங்களில் இருக்கிறது. அந்த மின்சாரமும் கடைக்காரர் கணக்கு.

கடைக்காரர் திருப்பிக் கேட்க வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது என்கிறார் வழக்கறிஞர். பலகைக்காக இவ்வளவு செலவு வைக்கும் மால், அந்தப் பலகை கண்ணில் படும் என்று உறுதி கொடுக்க வேண்டும். வராந்தாவின் நடுவில் செல்போன் உறை விற்கும் கியாஸ்க்கை மால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். கடை வாசலுக்கு நேராக, இத்தனை அடிக்குள் கியாஸ்க் வைக்கக் கூடாது என்று எழுதி வாங்குவார். மால் புதுப்பிக்கும் வேலை நடக்கும்போது மரத்தடுப்பு கடையை மறைத்தால், அந்தத் தடுப்பின்மீது கடையின் பெயரையும் வழி காட்டும் அம்பையும் மால் தன் செலவில் போட வேண்டும். அண்ணாச்சியின் திருத்த ஒப்பந்தத்தில் இந்த இரண்டும் சேர்ந்தன. சுருக்கிய பெயருக்குச் சம்மதமும் கிடைத்தது.

புதிய பலகைக்கு வரைபடம் அனுப்பி, மால் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியதும் அண்ணாச்சி வேலையாளைக் கூப்பிட்டுவிட்டார். வழக்கறிஞர் தடுத்தார். மாலின் ஒப்புதல் வேறு, டவுன்ஷிப்பின் அனுமதி வேறு. மின் இணைப்புள்ள பலகைக்கு ஊர் அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது வந்த பிறகுதான் பழைய எழுத்துகளைக் கழற்றினார்கள். கழற்றிய இடத்தில் முகப்பில் ஓட்டைகள், வெளிறிய நிழல். அதை அடைத்துப் பூசி, முகப்பு முழுவதற்கும் ஒரே நிறம் அடிப்பதும் வாடகைதாரர் பொறுப்பு என்று கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருந்தது. வேலையாளின் விலைப்பட்டியலில் அது இல்லை. வழக்கறிஞர் அந்தப் பட்டியலைத் திருப்பி அனுப்பி, பூச்சையும் சேர்த்து எழுதி வாங்கச் சொன்னார்.